அரையாண்டுத் தேர்வும் இரண்டாம் பருவக் கட்டணமும்: பெற்றோருக்கு அறிவிப்பு

நாள்: 17.11.2025
6 முதல் 9ஆம் வகுப்பு வரை

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு டிசம்பர் 10ஆம் தேதி தொடங்குகிறது. இரண்டாம் பருவக் கட்டணத்தை நவம்பர் 28, வெள்ளிக்கிழமைக்குள் செலுத்த வேண்டுகிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கட்டணம் பாக்கி இருப்பதற்காக எந்தப் பிள்ளையையும் தேர்வு எழுதாமல் நிறுத்த மாட்டோம், வகுப்பில் எழுப்பிக் கேட்கவும் மாட்டோம். பணம் பற்றிய பேச்சு உங்களுக்கும் அலுவலகத்துக்கும் இடையில் மட்டுமே.

தேர்வு நாட்கள்

டிசம்பர் 10, புதன் – தமிழ்
டிசம்பர் 12, வெள்ளி – ஆங்கிலம்
டிசம்பர் 15, திங்கள் – கணக்கு
டிசம்பர் 17, புதன் – அறிவியல்
டிசம்பர் 19, வெள்ளி – சமூக அறிவியல்

6, 7, 8ஆம் வகுப்புகளுக்குக் காலை 9.30 முதல் 11.45 வரை. 9ஆம் வகுப்புக்குப் பிற்பகல் 1.30 முதல் 4.45 வரை. இரண்டிலும் முதல் 15 நிமிடம் வினாத்தாளைப் படிக்கவும் விடைத்தாளின் முகப்பை நிரப்பவும்தான். எழுதும் நேரம் அதற்குப் பிறகே தொடங்கும். காலாண்டுத் தேர்வின்போது 9ஆம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் காலையிலேயே வந்து மதியம் வரை காத்திருந்தார்கள். வேறு வகுப்புக்கான அட்டவணை வாட்ஸ்அப்பில் சுற்றியதுதான் காரணம். டைரியில் ஒட்டியிருக்கும் அட்டவணையை மட்டும் பாருங்கள்.

தேர்வு இல்லாத இடைநாட்களில் பள்ளி உண்டு, மதியம் 12.30 வரை திருப்புதல் வகுப்பு நடக்கும். வேன் அந்த நாட்களில் 12.45க்குக் கிளம்பும். தேர்வு நாட்களில் காலைத் தேர்வு எழுதியவர்களுக்கு மதியம் 12 மணிக்கும், 9ஆம் வகுப்புக்கு மாலை 5 மணிக்கும் வேன் இருக்கும்.

நீலம் அல்லது கறுப்பு மைப் பேனா இரண்டு, பென்சில், ஸ்கேல் கொடுத்து அனுப்புங்கள். கணக்குத் தேர்வன்று ஜியோமெட்ரி பாக்ஸ் கட்டாயம். காம்பஸில் பென்சில் நிற்கிறதா என்று முந்தைய நாளே ஒரு வட்டம் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. திருகு தளர்ந்த காம்பஸால் செய்முறை வடிவியலில் மதிப்பெண் போவது ஒவ்வொரு முறையும் நடக்கிறது. கால்குலேட்டருக்கும் ஸ்மார்ட் வாட்சுக்கும் அனுமதி இல்லை.

தேர்வு தொடங்கி அரை மணி நேரத்துக்குப் பின் அறைக்குள் விட இயலாது. உடம்பு சரியில்லை என்றால், சிரமப்பட்டு அனுப்ப வேண்டாம். அன்று காலை 9 மணிக்குள் வகுப்பு ஆசிரியரிடம் தெரிவித்து, மூன்று நாட்களுக்குள் மருத்துவரின் சான்றைக் கொடுத்தால் ஜனவரியில் மறுதேர்வு வைப்போம்.

கட்டணம்

கல்விக் கட்டணம் ரூ.7,200, ஆய்வகம், நூலகம் ரூ.650, தேர்வுக் கட்டணம் ரூ.350; விளையாட்டு ரூ.200. மொத்தம் ரூ.8,400. நான்கு வகுப்புகளுக்கும் இதே தொகைதான். வேன் கட்டணம் இதில் சேராது; அது வழக்கம்போல் மாதந்தோறும் தனியாக.

அலுவலகக் கவுண்டர் வேலைநாட்களில் காலை 9 முதல் மதியம் 1 மணி வரை திறந்திருக்கும். ரொக்கமாகக் கட்டினால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். காசோலை மாறிவர நாளாகும் என்பதால் அதை மட்டும் நவம்பர் 25க்குள் கொடுத்துவிடுங்கள். பின்புறம் பிள்ளையின் பெயர், வகுப்பு, சேர்க்கை எண் இருக்கட்டும்.

யுபிஐயில் செலுத்துவோர், டைரியின் கடைசிப் பக்கத்தில் உள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, குறிப்புப் பகுதியில் சேர்க்கை எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். அலுவலகத்தில் தேங்கி நிற்கும் சிக்கல்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது. அப்பாவின் கணக்கிலிருந்தோ சித்தப்பாவின் கணக்கிலிருந்தோ ரூ.8,400 வந்திருக்கும், யாருடைய பிள்ளைக்கு என்று எங்களுக்குத் தெரியாது. அண்ணன், தங்கை இருவருக்கும் சேர்த்து ரூ.16,800 ஒரே முறையாக அனுப்பாமல், இரண்டு முறை தனித்தனியாக அனுப்புங்கள். அப்போதுதான் இரண்டு ரசீது வரும்.

பணம் கணக்கில் கழிந்து, 'நிலுவையில்' என்று காட்டினால் உடனே மறுபடி அனுப்பிவிடாதீர்கள். பெரும்பாலும் அது எங்களுக்கு வந்து சேரும், இல்லையேல் உங்களுக்கே திரும்பிவிடும். இரண்டு வேலைநாட்களுக்குப் பின்னும் தெளிவாகவில்லை என்றால், செயலியில் தெரியும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணோடு கவுண்டருக்கு வாருங்கள். யுபிஐ பின்னை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். பள்ளியிலிருந்து அதைக் கேட்டு ஒருபோதும் அழைப்பு வராது.

நவம்பர் 28க்குள் முழுத் தொகையும் கட்ட முடியாத நிலை இருந்தால், தலைமையாசிரியருக்கு ஒரு சிறு கடிதம் போதும். காரணத்தை விரித்து எழுத வேண்டியதில்லை. பாதித் தொகையை எப்போது, மீதியை எப்போது என்று இரண்டு தேதி குறிப்பிட்டால் சரி. தவணைக்கு அபராதம் கிடையாது. கடிதமும் இல்லாமல் டிசம்பர் 5ஐத் தாண்டினால் மட்டும் ரூ.100 தாமதக் கட்டணம்.

திருத்திய விடைத்தாள்களை ஜனவரி 8, வியாழக்கிழமை மாலை 3 முதல் 5 மணி வரை வகுப்பறையிலேயே பார்க்கலாம். அம்மாவோ அப்பாவோ தாத்தா பாட்டியோ, யார் வந்தாலும் சரி. பிள்ளையும் கூட வரட்டும்.

இந்த அறிவிப்பைப் படித்ததற்கு அடையாளமாக டைரியில் கையொப்பமிட்டு, நவம்பர் 20, வியாழக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்