பொருள்: நேற்றைய கடைசிச் சுற்றுக்கு நன்றி, அப்புறம் அந்த டைம்அவுட் கேள்வி

வணக்கம் மீனா மேடம்,

நேற்று ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு ரொம்ப நன்றி. இன்டர்வியூ முழுக்க ஆங்கிலத்தில் ஓடிவிட்டு, லிஃப்ட் வரை வழியனுப்ப வந்தபோது "ஊர் எது, திருநெல்வேலியா?" என்று கேட்டீர்கள் பாருங்கள், அதுவரை இருந்த படபடப்பு அந்த இடத்தில்தான் இறங்கியது. மெயில் போடுவதானால் தமிழிலேயே போடுங்கள் என்று நீங்கள் சொன்னதை விளையாட்டாகச் சொன்னீர்களோ என்னவோ, நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

நன்றி சொல்வதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ப்ரீபெய்டு மின்சார டோக்கன் பற்றிய உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் சொன்ன பதில் உம்லாங்காவிலிருந்து சாட்ஸ்வொர்த் போய்ச் சேரும்வரை மண்டையைக் குடைந்துகொண்டே வந்தது. ஸ்பகெட்டி ஜங்ஷனில் வழக்கம்போல இருபது நிமிடம் நின்றேன், யோசிக்க நேரத்துக்குக் குறைவில்லை.

நீங்கள் கேட்டது இது. வாடிக்கையாளர் ஆப்பில் 100 ராண்டுக்கு மின்சாரம் வாங்குகிறார், நம் சர்வர் டோக்கன் தரும் சர்வரைக் கூப்பிடுகிறது, பதில் வருவதற்குள் டைம்அவுட். இப்போது என்ன செய்வாய்? நான் சற்றும் யோசிக்காமல், "தோல்வி என்று குறித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பேன்" என்றேன். நீங்கள் "டோக்கன் அங்கே உருவாகியிருந்தால்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, போர்டைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தீர்கள். அப்புறம் நான் ஐடம்பொட்டன்சி, ரீட்ரை என்று ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன். சமாளித்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

என் தப்பு, நிலை இரண்டுதான் என்று எடுத்துக்கொண்டது: வெற்றி, தோல்வி. டைம்அவுட் இரண்டிலும் சேராது. அது "தெரியவில்லை" என்ற மூன்றாவது நிலை, அதை டேட்டாபேஸில் அப்படியே எழுதி வைக்க வேண்டும். வெளியே கூப்பிடுவதற்கு முன்னாலேயே இந்த வரி பதிவாகிவிட வேண்டும்:

```sql
INSERT INTO vend_requests (request_id, meter_no, amount, status)
VALUES ($1, $2, $3, 'PENDING')
ON CONFLICT (request_id) DO NOTHING;
```

புதிதாக வரி விழுந்தால் நாம்தான் முதல் ஆள், அந்த ட்ரான்ஸாக்‌ஷனை கமிட் செய்துவிட்டு டோக்கன் தரும் சர்வரைக் கூப்பிடலாம். விழவில்லை என்றால் இதே வேலை ஏற்கெனவே வந்திருக்கிறது. முடிந்திருந்தால் சேமித்து வைத்த அதே டோக்கனைத் திருப்பிக் கொடுக்கிறோம், `PENDING` என்றால் பொறுக்கச் சொல்கிறோம். நடுவில் நம் சர்வர் விழுந்து எழுந்தால், `PENDING` வரிகளை எடுத்து, அதே `request_id`-யோடு அந்தச் சர்வரிடம் போய் "இது என்ன ஆயிற்று?" என்று விசாரிக்க வேண்டும். புது டோக்கன் கேட்கக் கூடாது. `request_id` போனில் பட்டன் அழுத்தும் நொடியில் உருவாகிப் போனிலேயே சேமிக்கப்பட வேண்டும். சர்வரில் உருவாக்கினால் ஒவ்வொரு ரீட்ரையும் புது வாங்கலாகிவிடும், இத்தனை பாடும் வீண்.

இது புத்தகத்தில் இருப்பதுதான். எனக்கு உறைத்தது வீட்டுக்குப் போனபிறகு.

எங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயது, சாட்ஸ்வொர்த்திலேயே வளர்ந்தவர், தமிழில் அவருக்குக் காவடிப் பாட்டும் திட்டுவதற்கு நாலு வார்த்தையும்தான் தெரியும். போன மாதம் ஒரு நாள் ராத்திரி ஆப்பில் மின்சாரம் வாங்கும்போது திரை சுற்றிக்கொண்டே நின்றிருக்கிறது. மறுபடி அழுத்தியிருக்கிறார். 100 ராண்டு இரண்டு முறை போய், இரண்டு எஸ்எம்எஸ், இரண்டு டோக்கன். நான் போன் டார்ச்சைப் பிடித்துக்கொள்ள, அவர் நாலு நாலு இலக்கமாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு இருபது இலக்கத்தையும் மீட்டரில் அடித்தார். ஏறியது. அடுத்ததற்குப் பதில் கைதவறி முதல் டோக்கனையே திரும்ப அடித்துவிட்டார், மீட்டர் மறுத்துவிட்டது. "மீட்டர் கெட்டுப்போச்சு" என்று என்னை முறைத்தார். இரண்டாவது எஸ்எம்எஸ்ஸில் இருந்ததை அடித்ததும் அதுவும் ஏறியது.

அன்றைக்கு இதை நான் ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்தேன். நேற்றுதான் புரிந்தது: அந்த மீட்டர் ஐடம்பொட்டன்சியை எவ்வளவோ காலமாக நம்மைவிட ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது. டோக்கனுக்குள் டிஐடி என்ற நேர எண் இருக்கிறது, மீட்டர் ஏற்றுக்கொண்டதை நினைவில் வைத்துக்கொண்டு அதையே மறுபடி ஏற்க மறுக்கிறது. ஆக, ஒரே டோக்கனை எத்தனை தடவை அனுப்பினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஆபத்து புது டோக்கனில்தான். ரீட்ரை என்றால் "இன்னொன்று உருவாக்கு" என்று புரிந்துகொண்ட ஏதோ ஒரு சர்வர்தான் அந்தம்மாவின் நூறு ராண்டைக் கூடுதலாக எடுத்தது.

(டிஐடி என்றதும் நீங்கள் சொன்ன 2024 நவம்பர் 24 ஞாபகம் வந்தது. 1993 ஜனவரி 1 முதல் நிமிடம் நிமிடமாக எண்ணிக்கொண்டு வந்த 24 பிட் எண், 1,67,77,216 நிமிடத்தில் தீர்ந்துபோனது. அதற்கு முன் எங்கள் வீட்டு மீட்டரிலும் கீ மாற்றும் டோக்கன் இரண்டை அடித்தோம். அது எதற்கு என்று அன்று எனக்கே சரியாகத் தெரியாது, "கவர்ன்மெண்ட் சொல்லியிருக்கு" என்று அவரிடம் சொல்லித் தப்பித்தேன்.)

ஒரு இடம் மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆள் ஆப்பை மூடிவிட்டு, திறந்து, புதிதாக வாங்கினால் `request_id` வேறாகிவிடும், மேலே உள்ள குவெரி அதைப் பிடிக்காது. அதே மீட்டர், அதே தொகை, முந்தையது இன்னும் `PENDING` என்றால் தடுத்துவிடலாம்தான், ஆனால் வேண்டுமென்றே இரண்டு முறை வாங்குபவர்களும் இருக்கிறார்கள். என் கணிப்பில் இதைத் திரையில்தான் தீர்க்க வேண்டும்: சுற்றும் வட்டத்துக்குப் பதில் "கேட்டிருக்கிறோம், டோக்கன் எஸ்எம்எஸ்ஸில் வரும், மறுபடி வாங்க வேண்டாம்" என்று ஒரு வரி. லோட்ஷெட்டிங்கில் டவர் பேட்டரி தீர்ந்து சிக்னல் போகும் அழகை 2023-இல் எல்லோரும் பார்த்தோம், அது திரும்பி வராது என்று நம்பி ஆப் கட்ட முடியாது. உங்கள் டீமில் இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று அறிய ஆசை, வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்.

மற்றபடி: எனக்கு நோட்டீஸ் நான்கு வாரம், நேற்று சொன்னதேதான். ரெஃபரன்ஸ் இருவரிடமும் சொல்லிவைத்துவிட்டேன், எச்ஆர் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். டெஸ்டிங் பற்றிப் பேசிய உங்கள் சக ஊழியருக்கும் என் நன்றியைச் சொல்லிவிடுங்கள், அவர் கேள்விகள் நேராக இருந்தன.

நேற்று போர்டில் நான் போட்ட படத்தை அழித்துவிட்டீர்களா? அழிக்கவில்லை என்றால், "தோல்வி" என்று எழுதிய கட்டத்தை மட்டும் திருத்திவிடுங்கள்.

அன்புடன்,
கார்த்திக்
சாட்ஸ்வொர்த், டர்பன்