மதிப்பீட்டு அறிக்கை: ‘அந்தம் ஆதி: சிவஞானபோத முதற் சூத்திரத்தின் வாத அமைப்பு’

மெய்யியல் ஆய்விதழின் ஆசிரியர் குழுவுக்கு,

திருகோணமலை.

மதிப்பீட்டுக்காக அனுப்பிய கட்டுரையை முழுமையாக வாசித்தேன். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய நூலின் முதற் சூத்திரத்தை, பக்தியுரையாகவோ வரலாற்றுச் சான்றாகவோ பாராமல் ஒரு வாதமாக எடுத்துக்கொண்டு, அதன் எடுகூற்றுகளைப் பிரித்து வரிசைப்படுத்தி ஆராய்வதே கட்டுரையாளரின் நோக்கம். இந்நோக்கத்தை மனமார வரவேற்கிறேன். மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று தன்னைத் தானே பகுத்துக்கொண்டு பேசும் ஒரு நூலை அளவையியல் கண்ணோடு வாசிப்பது அந்நூலுக்குச் செய்யும் மரியாதையே ஆகும். ஆயினும், கட்டுரை இப்போதுள்ள நிலையில் வெளியிடத்தக்கதன்று. கணிசமான திருத்தத்தின் பின்னர் மீண்டும் பரிசீலிக்கப்பட வேண்டும் என்பதே என் பரிந்துரை. அதற்கான காரணங்களைக் கீழே தருகிறேன்.

“அவன் அவள் அதுவெனும் அவைமூ வினைமையின்” எனத் தொடங்கும் சூத்திரத்திலிருந்து கட்டுரையாளர் எடுக்கும் வாதம் பின்வருமாறு அமைகிறது:

1. உலகம் என்பது அவன், அவள், அது எனச் சுட்டி அறியப்படும் பொருள்களின் தொகுதி.
2. சுட்டி அறியப்படும் ஒவ்வொரு பொருளும் தோன்றி, நின்று, அழிவது.
3. ஆகவே உலகம் தோன்றி, நின்று, அழிவது.
4. இல்லாதது தோன்றாது, உள்ளதும் செய்வோன் இன்றித் தொழிற்படாது.
5. ஆகவே உலகைத் தோற்றுவிப்போன் ஒருவன் உளன்.
6. உலகம் எதில் ஒடுங்குகிறதோ அதிலிருந்தே மீளத் தோன்றுகிறது.
7. ஆகவே ஒடுக்குவோனே முதல்வன்.

இந்த வரிசை தெளிவானது. மூலத்துக்குப் பெரும்பாலும் நெருக்கமானது. குறிப்பாக நான்காவது கூற்றில், சற்காரியவாதத்தையும் நிமித்த காரணத்தின் தேவையையும் ஒன்றாகக் கட்டிவிடாமல் இரு கூறுகளாக வைத்திருப்பது நுட்பமான வாசிப்பு. ஆனால் மூன்று இடங்களில் வாதம் நழுவுகிறது. அவற்றுள் மூன்றாவதே மிகப் பாரதூரமானது.

முதலாவது, இரண்டாம் கூற்றிலிருந்து மூன்றாம் கூற்றுக்குச் செல்லும் வழி. ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள பண்பு முழுமைக்கும் உண்டு என்று கொள்வது தொகுப்புப் போலியாகலாம். 1948இல் பிபிசி வானொலியில் கொப்பிள்ஸ்டனுடன் நடத்திய விவாதத்தில், ஒவ்வொரு மனிதனுக்கும் தாய் உண்டு என்பதால் மனித இனத்துக்கு ஒரு தாய் உண்டு என்று ஆகாது என ரசல் சொன்னது இதையே. கட்டுரையாளர் இம்மறுப்பை அறிந்திருக்கிறார். ஆனால் “நூல் வெண்மையாயின் துணியும் வெண்மையே” என்று சொல்லி அதைக் கடந்துவிடுகிறார். நூலின் நிறம் துணிக்குப் போகும். ஒவ்வொரு நூலும் எடை குறைந்தது என்பது துணிக்குப் போகாது. தோன்றி அழிதல் இவ்விரு வகையில் எதைச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை கூறாமல் தமக்குச் சாதகமான உதாரணத்தை மட்டும் வைப்பது கேள்வியைத் தள்ளிப்போடுவதாகும்.

இரண்டாவது, நான்காம் கூற்றிலிருந்து வருவது ‘ஒவ்வொன்றுக்கும் செய்வோன் உண்டு’ என்பது மட்டுமே. ‘எல்லாவற்றுக்கும் செய்வோன் ஒருவனே’ என்பது அதிலிருந்து வராது. ஐந்தாம் கூற்றிலுள்ள ‘ஒருவன்’ என்ற சொல்லுக்குத் தனியாக ஓர் எடுகூற்று வேண்டும்.

மூன்றாவது, ஆறாம் கூற்று. சைவசித்தாந்தத்தில் குடத்துக்கு மண் போல உலகுக்கு மாயை முதற்காரணம். தண்டசக்கரம் போலச் சத்தி துணைக்காரணம். குயவன் போல இறைவன் நிமித்த காரணம். உலகம் மாயையில் ஒடுங்கி மாயையிலிருந்து தோன்றுகிறது என்றால் ஆறாம் கூற்று உண்மையாகலாம். ஆனால் அதிலிருந்து கிடைப்பது மாயையே தவிர, ஒடுக்குவோன் அல்லன். உலகம் இறைவனில் ஒடுங்குகிறது என்று கொண்டால் ஏழாம் கூற்று கிடைக்கலாம்; ஆனால் அப்போது இறைவனே முதற்காரணம் ஆகிவிடும். அது இந்நூல் ஏற்காத கொள்கை. ‘எதில்’ என்ற ஒரு சொல் இரு பொருளில் நிற்பதால்தான் வாதம் வாய்ப்பானது போலத் தோன்றுகிறது.

இக்குறையைக் கட்டுரையாளரின் சொந்த உதாரணமே வெளிப்படுத்திவிடுகிறது. 1624இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கற்கள் கோட்டைச் சுவரில் நிற்பதைக் காட்டி, வடிவம் அழிந்தாலும் பொருள் அழிவதில்லை என்கிறார். சற்காரியவாதத்துக்கு இது மிகப் பொருத்தமான உதாரணம். இந்த ஊரவர் எவருக்கும் விளக்கம் தேவைப்படாதது. ஆனால் நான்கு பக்கங்கள் தள்ளி, அதே உதாரணத்தை ஏழாம் கூற்றுக்கும் துணைக்கு அழைக்கிறார். கோயிலைக் கட்டியோர் வேறு, இடித்தோர் வேறு, 20ஆம் நூற்றாண்டில் சுவாமிமலையில் மீண்டும் எழுப்பியோர் வேறு. அந்தத்தைச் செய்தவனே ஆதியைச் செய்பவன் என்பதற்கு இதைவிடத் தெளிவான எதிர் உதாரணத்தைத் தேடிப் பெறுவது அரிது. முதல் இடத்தில் அதை வைத்துக்கொண்டு இரண்டாம் இடத்தில் நீக்கிவிட வேண்டும்.

மீள்கட்டமைப்பில் ஒரு விடுபாடும் உண்டு. சூத்திரம் “ஒடுங்கி மலத்துளதாம்” என்கிறது. ஏழு கூற்றுகளில் எங்கும் மலம் இல்லை. ஒடுங்கிய உலகம் ஏன் மீளத் தோன்ற வேண்டும் என்பதற்கு மெய்கண்டார் தரும் காரணமே அதுதான்: உயிர்களின் மலம் நீங்காமையால் உலகம் மீளவும் வேண்டியதாகிறது. இவ்விடுபாடு மறுப்புகளைக் கையாளும் பகுதியையும் பாதித்திருக்கிறது. குறைவிலா நிறைவான இறைவன் எதற்காகப் படைக்க வேண்டும் என்ற தடைக்குக் கட்டுரையாளர் இறைவனின் விளையாட்டு என்று விடை சொல்லி இடர்ப்படுகிறார். சூத்திரத்திலேயே இருக்கும் விடையை எடுகூற்றாகச் சேர்த்திருந்தால் அந்தப் பகுதி முழுவதும் வேறாக அமைந்திருக்கும்.

மறுப்புகளைக் கையாளும் முறையில் அளவு பிறழ்ந்திருக்கிறது. பூதங்கள் நித்தியமானவை, அவற்றின் சேர்க்கையே உலகம் என்னும் உலகாயதருக்கு ஆறு பக்கங்கள் செலவாகின்றன. அவர்களுடைய கருத்து மிக எளிய வடிவில் வைக்கப்பட்டு எளிதாக வீழ்த்தப்படுகிறது. உலகின் பகுதிகள் வெவ்வேறு காலத்தில் தோன்றி அழிகின்றனவேயன்றி உலகம் முழுவதும் ஒருசேர அழிந்த காலம் இல்லை என்னும் மீமாஞ்சகரின் மறுப்புக்கோ ஒரே பந்தி. நான் மேலே சொன்ன தொகுப்புப் போலியை இந்த மரபுக்குள்ளிருந்தே எழுப்புவது இம்மறுப்புத்தான்; வாதத்தின் மூன்றாம் கூற்று நிற்பதும் வீழ்வதும் இதைப் பொறுத்தது. பரபக்கத்தில் பிறர் மதங்களை முதலில் அவரவர் கூற்றாக நிறுவிய பின்னரே மறுக்கும் அருணந்தி சிவாசாரியாரின் ஒழுங்கை இங்கு கட்டுரையாளர் பின்பற்றலாம்.

சாங்கியரைக் கையாண்ட விதம் இதற்கு மாறாக மிகச் சிறப்பாக உள்ளது. அறிவற்ற பால் கன்றின் பொருட்டுத் தானே சுரப்பது போல, அறிவற்ற பிரகிருதியும் தானே தொழிற்படும் என்ற அவர்களின் வாதத்தை வலுவான வடிவிலேயே எடுத்துரைத்து, பால் சுரப்பது அறிவுள்ள பசுவின் அன்பினால் அன்றோ என்று மறுக்கிறார். இந்த மறுப்புச் சங்கரரின் பிரமசூத்திர பாடியத்தில் இருப்பது. தம் சொந்த விடை போல வைப்பதைத் திருத்தி, அங்கிருந்து பெற்றதாகக் குறிப்பிட வேண்டும். அதைக் குறிப்பிடுவதால் கட்டுரையின் பெறுமதி குறையாது. அத்வைதியின் விடையைச் சித்தாந்தி எவ்வளவு தூரம் கடன் வாங்கலாம் என்ற நல்ல கேள்விக்கும் அது வழி திறக்கும்.

ஆகவே, மலத்தை எடுகூற்றாகச் சேர்ப்பதும், ஆறாம் கூற்றை இரு பொருளுக்கும் தனித்தனியே எழுதி ஒவ்வொன்றிலிருந்தும் எது வருகிறது என்று காட்டுவதும், மீமாஞ்சகரின் மறுப்புக்கு முழுமையான விடை எழுதுவதும் கட்டாயமான திருத்தங்கள். அதற்கு விடை கிடைக்காவிட்டால், வாதம் அந்த இடத்தில் முற்றுப்பெறவில்லை என்று கட்டுரையாளர் நேராக எழுதலாம். அதனால் நான் கட்டுரையை நிராகரிக்கப் பரிந்துரைக்க மாட்டேன். திருத்திய படியை மீண்டும் வாசிக்க விரும்புகிறேன்.

இவ்வண்ணம்,
மதிப்பீட்டாளர்