விரல் கேட்கும் வருகைப்பதிவுக் கருவி: இறுதியாண்டுத் திட்டப்பணி முன்மொழிவு

அனுப்புநர்:
திட்டக்குழு 7 (நான்கு மாணவர்கள்),
இறுதியாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை.

பெறுநர்:
திட்டப்பணி வழிகாட்டி அவர்கள்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை.

பொருள்: திறன் வருகைப்பதிவு அமைப்புக்கு ஒப்புதலும் நிதியுதவியும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். சென்ற சந்திப்பில் தாங்கள், "அட்டையைக் காட்டினால் வருகை விழும் கருவியை ஆண்டுதோறும் யாராவது செய்கிறார்கள், உங்களுடையதில் புதிதாக என்ன?" என்று கேட்டீர்கள். அப்போது எங்களிடம் சரியான பதில் இல்லை. அதன்பின் யோசித்து எட்டிய முடிவைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம்.

எங்கள் வகுப்பில் 64 பேர். பெயர் வாசித்து வருகை எடுக்க ஏழெட்டு நிமிடங்கள் ஆகின்றன. 50 நிமிடப் பாடவேளையில் அது சிறிய இழப்பன்று. கடைசி வரிசையிலிருந்து ஒரே குரல் இரண்டு பெயர்களுக்கு "உள்ளேன்" சொல்வதும் தாங்கள் அறியாததல்ல. ஆர்எஃப்ஐடி அட்டை முதல் சிக்கலைத் தீர்க்கும், இரண்டாவதைத் தீர்க்காது. நண்பனின் அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவது, குரலை மாற்றிப் பேசுவதைவிட எளிது. கைரேகையை மட்டும் நம்பினால் ஆள்மாறாட்டம் நிற்கும். ஆனால் ஒருவருக்கு ஐந்து விநாடி என்று கொண்டாலும் 64 பேருக்கு ஐந்து நிமிடங்களுக்கு மேல் வாசலில் வரிசை நிற்கும்.

ஆகவே எங்கள் கருவியில் எல்லோரும் அட்டையைக் காட்டுவார்கள். எட்டில் ஒருவரிடம் மட்டும், யார் என்று முன்கூட்டித் தெரியாதபடி, கருவி ஒலியெழுப்பி விரலையும் கேட்கும். ஓர் அட்டைக்கு இரண்டு விநாடி என்றால், விரல் வைப்பவர்களையும் சேர்த்து மூன்று நிமிடங்களுக்குள் பதிவு முடியும். பிறர் அட்டையைக் கொண்டுவருபவர் ஒரு பாடவேளையில் சிக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்றுதான்; ஆனால் நாளுக்கு ஆறு பாடவேளைகளிலும் அதையே செய்தால், ஒருமுறையேனும் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 55 விழுக்காடாகிறது. தப்பித்துவிடலாம் என்ற துணிச்சலைக் குலைக்க இதுவே போதும் என்பது எங்கள் கணிப்பு. எட்டு என்ற எண் இறுதியானதன்று. சோதனையில் கிடைக்கும் முடிவைப் பார்த்து மாற்றுவோம்.

கருவியின் மையத்தில் ஈஎஸ்பி32 நுண்கட்டுப்படுத்தி இருக்கும், 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஆர்சி522 படிப்பான், கைரேகை உணரி, நிகழ்நேரக் கடிகாரம், சிறிய திரை ஆகியவை அதனுடன் இணையும். வைஃபை துண்டித்தால் பதிவுகள் கருவியின் நினைவகத்திலேயே தங்கி, இணைப்பு வந்ததும் ஆய்வகக் கணினியிலுள்ள தரவுத்தளத்துக்குச் செல்லும். இணையம் இல்லாதபோதும் நேரம் பிசகாமல் இருக்கவே தனிக் கடிகாரத்தைச் சேர்த்துள்ளோம். விரல் தேய்ந்தோ ஈரமாகவோ இருந்து உணரி மறுத்தால், கருவி அவரை வராதவராகக் கொள்ளாது; "ஆசிரியர் சரிபார்க்க" என்று குறித்து வைக்கும். இறுதிச் சொல் ஆசிரியருடையதாகவே இருக்க வேண்டும் என்பதில் நாங்கள் நால்வரும் ஒரே கருத்தில் இருக்கிறோம்.

திட்டத்தின் எல்லை ஒரு வகுப்பறை, ஒரு கருவி, ஒரு பருவம் மட்டுமே. அதில் கடைசி ஆறு வாரங்கள் கருவியும் வருகைப் பதிவேடும் இணையாக இயங்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வாரந்தோறும் தங்களிடம் தருவோம். கேமரா வழி முகமறிதலும் கல்லூரியின் மைய மென்பொருளுடனான இணைப்பும் இதில் அடங்கா. விரலின் படம் எங்கும் சேமிக்கப்படாது. அதிலிருந்து எடுக்கும் கணித வார்ப்பு உணரிக்குள்ளேயே இருந்து, பருவ முடிவில் அழிக்கப்படும். எழுத்துவழி ஒப்புதல் தராத மாணவரின் விரலைப் பதிய மாட்டோம். அவர்கள் அட்டையைக் காட்ட, ஆசிரியர் நேரில் பார்த்து உறுதி செய்யலாம்.

செலவு மொத்தம் 6,000 ரூபாய். கைரேகை உணரிக்கு 1,450, எழுபது அட்டைகளுக்கு 1,260 என இவ்விரண்டுமே பெரிய செலவுகள். நுண்கட்டுப்படுத்திக்கு 550, படிப்பான் இரண்டுக்கு (ஒன்று உதிரி) 360, கடிகாரத்துக்கு 250, திரைக்கு 250, ஒலிப்பானும் கம்பிகளும் 200, மின்வழங்கியும் மாற்று மின்கலமும் 650, சுற்றுப்பலகையும் பெட்டியும் 700, எதிர்பாராச் செலவுக்கு 330 ரூபாய். மென்பொருள்கள் அனைத்தும் கட்டணமற்றவை. நாங்கள் தலைக்கு ஆயிரம் வீதம் 4,000 ரூபாய் போடுகிறோம். மீதி 2,000 ரூபாயைத் துறை நிதியிலிருந்து பெற்றுத்தர வேண்டுகிறோம். அது இயலாதெனில் அட்டைகளைப் பாதியாகக் குறைத்து, பாதி வகுப்பில் மட்டும் சோதித்து, மீதித் தொகையை நாங்களே ஈடுகட்டுவோம். ஆனால் உணரியைக் கைவிட்டால் இது மீண்டும் வெறும் அட்டைக் கருவியாகிவிடும்.

பொருள்கள் வந்துசேரப் பத்து நாட்கள் பிடிக்கும் என்பதால், வரும் வியாழக்கிழமை ஆய்வக வேளைக்குப்பின் கால் மணி நேரம் ஒதுக்கித் தங்கள் திருத்தங்களைச் சொன்னால், வெள்ளிக்கிழமையே வாங்கும் பணியைத் தொடங்கிவிடுவோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மாணவர்கள்,
திட்டக்குழு 7

இணைப்பு: சுற்று வரைபடம், மாணவர் ஒப்புதல் படிவத்தின் மாதிரி.