கடிதத்தின் மறுபக்கம்

ஜேர்மனியின் எஸ்ஸன் நகரப் பாடசாலையின் மதிய இடைவேளையில், அம்மா அனுப்பிய படம் ஆரணியின் கைத்தொலைபேசிக்கு வந்து சேர்ந்தது. சமையலறை மேசையில் கடிதத்தை வைத்து எடுத்திருந்தார். கடைசி வரிகள் அவரது பெருவிரலுக்கு அடியில் மறைந்திருந்தன. கூடவே ஒரு குரற்பதிவு: "பிள்ளை, என்னவாம் இது? அப்பா இரவு வேலை முடிச்சு வந்து நித்திரை. எழுப்பேல்லை."

தலைப்பில் 'ஃபெஸ்ட்செட்சுங்ஸ்பெஷைட்' என்று ஒரே சொல்லாக நீண்டு கிடந்தது. அதன் முற்பகுதியை மட்டும் பிரித்து அகராதியில் தேடியபோது, முதலில் 'நிர்ணயித்தல்' என்றும் அதற்குக் கீழே 'தடுத்துவைத்தல்' என்றும் இரண்டு பொருள்கள் இருந்தன. 2009இல் செட்டிக்குளம் முகாமின் முள்வேலிக்குள் மாதக்கணக்கில் இருந்தவர் அம்மா. அங்கிருந்து விசாரணைக்கென்று கொண்டுசெல்லப்பட்ட அவருடைய தம்பி திரும்பி வரவேயில்லை. எந்தப் பொருள் சரியென்று ஆரணிக்கு அப்போது உறுதியாகத் தெரியாதபோதும், "பயப்பிட ஒண்டுமில்லை அம்மா, வீட்டை வந்து சொல்லுறன்" என்று பதில் அனுப்பினாள். அடுத்த இரண்டு பாடங்களும் அவள் காதில் ஏறவில்லை.

மாலையில் கடிதத்தைக் கையில் வாங்கி வரிவரியாகப் படித்தாள். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் மூன்று மாதத்துக்கு 55.08 யூரோ, தாமதத்துக்கு 8 யூரோ, மொத்தம் 63.08.

"எங்களிட்டை ரீவியே இல்லையே?" என்றார் அப்பா.

"ரீவிக்கு இல்லையப்பா. ஒரு வீட்டுக்கு மாசம் 18.36, ரீவி இருந்தாலும் இல்லாட்டிலும்."

முன்னர் வந்த இரண்டு கடிதங்களை விளம்பரம் என்று நினைத்து, கடைத்தாள்களோடு சேர்த்து இழுப்பறைக்குள் போட்டிருந்தார்கள். அம்மா படமெடுக்காத மறுபக்கத்தில், ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று எழுதியிருந்தது. பழைய உறை ஒன்றிலிருந்த தாளையும் ஆரணி விரித்து, 'பெஃப்ரையுங்' என்ற சொல்லுக்கு அகராதி சொன்னபடியே வாசித்தாள்: "அரச உதவிப்பணம் எடுக்கிற ஆக்கள் விடுதலைக்கு விண்ணப்பிக்கலாமாம்."

அப்பா சட்டென்று நிமிர்ந்தார். "என்ன விடுதலை?"

சில கணங்கள் ஒருவரும் பேசவில்லை.

"விலக்கு, அப்பா. கட்டத் தேவையில்லை எண்டு எழுதிக் கேக்கலாம். மூண்டு வருசம் பின்னுக்கும் தருவினம். எங்களுக்கு உதவிப்பணம் தாற ஜொப்சென்ரர் கடிதத்தின்ரை கொப்பி மட்டும் வேணும்."

அம்மா தலைப்பிலிருந்த நீண்ட சொல்லின் மேல் விரலை வைத்தார். "இதுக்கு என்ன கருத்து, பிள்ளை?"

"இவ்வளவு காசு எண்டு தீர்மானிக்கிறது, அம்மா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அம்மா எழுந்துபோய் இழுப்பறையை முழுதாகக் கழற்றிக் கொண்டுவந்து, அதிலிருந்த பிரிக்காத உறைகளை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கத் தொடங்கினார். ஆரணி புத்தகப்பையை நாற்காலியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, முதல் உறையைக் கிழித்தாள்.