பணி நியமனத்தை ஏற்றுக்கொள்கிறேன்: உள்ளடக்க ஒருங்கிணைப்பாளர், முகிலன்

22 ஜூலை 2026, புதன்கிழமை

அன்புள்ள திருமதி கலைச்செல்வி அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை 17ஆம் தேதியிட்ட பணி நியமனக் கடிதம் கிடைத்தது. உள்ளடக்க ஒருங்கிணைப்பாளர் வேலையை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன். கையெழுத்திட்ட கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். எல்லாப் பக்கங்களிலும் சுருக்கொப்பம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைவரை நேரம் கொடுத்திருந்தீர்கள், ஆனாலும் முடிவெடுத்த பிறகு உங்களைக் காக்க வைக்க மனமில்லை.

ஏற்புக் கடிதத்தைத் தமிழிலேயே எழுதச் சொன்னீர்கள். பிள்ளைகளுக்கான தமிழ்ப் பாடங்களைத் தயாரிக்கும் இடத்தில் அது நியாயமான எதிர்பார்ப்புதான். கடிதத்தில் உள்ளவற்றையும் திங்கட்கிழமை தொலைபேசியில் பேசியவற்றையும் நான் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறேன் என்று கீழே எழுதுகிறேன். எங்காவது வித்தியாசம் இருந்தால் சொல்லுங்கள்.

முதலில் சம்பளம். அடிப்படைச் சம்பளம் மாதம் 3,600 வெள்ளி, போக்குவரத்துப் படி 150 வெள்ளி, ஆக மொத்தம் 3,750 வெள்ளி. படி ஒவ்வொரு மாதமும் மாறாத தொகை, ரசீது காட்டி வாங்குவது அல்ல என்று சொன்னீர்கள். அப்படியென்றால் அதற்கும் மத்திய சேமநிதி உண்டு. என் வயதுக்கு என் பங்கு 20 விழுக்காடு, நிறுவனத்தின் பங்கு 17 விழுக்காடு. அதன்படி என் சம்பளத்திலிருந்து 750 வெள்ளி பிடித்தம் ஆகும். நிறுவனம் தன் பங்காக 638 வெள்ளி செலுத்தும். சிண்டா சந்தா 7 வெள்ளி. அதிலிருந்து விலக நான் விண்ணப்பிக்கப் போவதில்லை, வழக்கம்போல் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாம் போக முழு மாதத்துக்கு 2,993 வெள்ளி கைக்கு வரும். வேலை கிடைத்தது என்று சொன்னதும் வீட்டில் அம்மா கேட்ட முதல் கேள்வி "கையில் எவ்வளவுடா வரும்?" என்பதுதான். அதனால் இந்தக் கணக்கை ஏற்கெனவே போட்டு வைத்திருந்தேன்.

சம்பளம் ஒவ்வொரு மாதமும் கடைசி வேலை நாளில் ஜைரோ வழி வங்கிக் கணக்கில் சேரும், சம்பளச் சீட்டு மின்னஞ்சலில் வரும். 13ஆவது மாதச் சம்பளம் டிசம்பரில், அந்த ஆண்டில் வேலை செய்த மாதங்களுக்கு ஏற்ப. இது சட்டப்படி கட்டாயம் இல்லை, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு என்பது தெரியும். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறீர்கள், நன்றி.

அடுத்தது வேலையில் சேரும் தேதி. இதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. கடிதத்தில் ஆகஸ்ட் 10, திங்கட்கிழமை என்று இருக்கிறது. இந்த ஆண்டு தேசிய தினம் ஞாயிற்றுக்கிழமை வருவதால் மறுநாள் திங்கட்கிழமை பொது விடுமுறை. அலுவலகம் பூட்டியிருக்கும். தொலைபேசியில் நீங்கள் "செவ்வாய்க்கிழமை வந்துவிடுங்கள்" என்றீர்கள். வருவது செவ்வாய் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஒப்பந்தம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதைத்தான் எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ள விரும்புகிறேன்.

ஒரு நாள்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் முதல் மாதச் சம்பளம், தகுதிகாண் காலம், விடுப்பு எல்லாமே அந்த நாளிலிருந்துதான் எண்ணப்படும். மனிதவள அமைச்சின் முறைப்படி, முழுமையடையாத மாதத்துக்கு மாதச் சம்பளத்தை அந்த மாதத்தின் மொத்த வேலை நாள்களால் வகுத்து, வேலை செய்த நாள்களால் பெருக்க வேண்டும். பொது விடுமுறையும் வேலை நாளாகவே எண்ணப்படும், பயணப் படி இதில் சேராது. ஆகஸ்ட் மாதத்தில் திங்கள் முதல் வெள்ளி வரையிலான நாள்கள் 21. ஒப்பந்தம் 10ஆம் தேதி தொடங்கினால் எனக்கு 16 நாள்கள், அதாவது 2,742.86 வெள்ளி. 11ஆம் தேதி என்றால் 15 நாள்கள், 2,571.43 வெள்ளி. இரண்டும் சேமநிதி பிடிக்கும் முன்பான தொகை. படியின் முதல் மாதப் பங்கை நிறுவனத்தின் வழக்கப்படி கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

நான் கையெழுத்திட்டிருப்பது 10ஆம் தேதி உள்ள கடிதத்தில். ஆகவே ஒப்பந்தம் 10ஆம் தேதி தொடங்குகிறது, நான் அலுவலகம் வருவது 11ஆம் தேதி, செவ்வாய் காலை 9 மணிக்கு என்று எடுத்துக்கொள்கிறேன். நிறுவனம் 11 என்று மாற்ற நினைத்தாலும் எனக்குச் சம்மதமே. அப்போது அந்த ஒரு பக்கத்தை மட்டும் திருத்தி அனுப்பினால் உடனே கையெழுத்திட்டுத் தருகிறேன். இதற்கு முன்னால் என்னால் வர இயலாது. இப்போது செய்யும் பகுதிநேர வேலை ஆகஸ்ட் 7, வெள்ளிக்கிழமைதான் முடிகிறது, பாதியில் விட்டுவிட்டு வருவது முறையாக இருக்காது.

தகுதிகாண் காலம் மூன்று மாதங்கள். அந்தக் காலத்தில் இரு தரப்புக்கும் இரண்டு வார முன்னறிவிப்பு, பிறகு ஒரு மாதம். 10ஆம் தேதியிலிருந்து எண்ணினால் அது முடியும் நாள் நவம்பர் 9. தீபாவளியும் ஞாயிற்றுக்கிழமை வருவதால் அதுவும் விடுமுறைத் திங்கள்! பலகாரம் சாப்பிட்ட கையோடு வேலை நிரந்தரமாகிவிடும் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். மதிப்பீட்டுக் கூட்டத்தை அதற்கு முந்திய வாரத்திலேயே வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. ஆண்டு விடுப்பு 14 நாள்கள், வேலை நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை 9 முதல் 6 மணி. பள்ளி விடுமுறைகளில் சில சனிக்கிழமைகள் வாசிப்பு நிகழ்ச்சிகளுக்கு வர வேண்டியிருக்கும், அதற்கு மிகைநேர ஊதியம் கிடையாது, மாற்று விடுப்பு உண்டு. இதுவும் சரி.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் எழுத்துமூலம் அனுமதி வேண்டும். கடிதத்தின் 9ஆவது பிரிவு, நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் வேறு வருமானம் தரும் வேலை செய்யக் கூடாது என்கிறது. நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈசூனில் இரண்டு தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுக்கிறேன். ஒருவன் இந்த ஆண்டு பிஎஸ்எல்இ எழுதுகிறான். தேர்வு நெருங்கும் நேரத்தில் அவனை விட்டுவிட எனக்கு விருப்பமில்லை. "அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னீர்கள். ஆனாலும் நிறுவனம் தயாரிப்பதும் தமிழ்ப் பாடங்கள், நான் சொல்லித் தருவதும் தமிழ். நாளைக்கு வேறு யாராவது கேட்டால் காட்ட ஒரு வரி இருந்தால் இருவருக்கும் நிம்மதி. நிறுவனத்தின் வெளிவராத பாடங்கள் எதையும் அங்கே பயன்படுத்த மாட்டேன் என்பதை இதிலேயே எழுதித் தருகிறேன்.

தேசிய சேவை பற்றியும் கேட்டிருந்தீர்கள். முழுநேர சேவையைப் பல்கலைக்கழகம் சேரும் முன்பே முடித்துவிட்டேன். இனி முகாம் பயிற்சிக்கு அழைப்பு வரும். இந்த ஆண்டுக்கு இதுவரை எனக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. வந்த அன்றே தேதிகளைத் தெரிவித்துவிடுவேன், நீங்கள் வேலையைத் திட்டமிட வசதியாக இருக்கும்.

இனி முதல் நாள் கொண்டுவரும் ஆவணங்கள். அடையாள அட்டையின் படத்தை மின்னஞ்சலில் அனுப்பும்படி பட்டியலில் இருந்தது. அதை மட்டும் அனுப்பவில்லை, தவறாக நினைக்க வேண்டாம். அசலை நேரில் கொண்டு வருகிறேன், அங்கேயே பார்த்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் போனால் அது யார் யார் பெட்டியில் கிடக்கும் என்று தெரியாது. வங்கிக் கணக்கு விவரத்துக்கும் அப்படியே: கணக்கு எண் தெரியும் வங்கி அறிக்கையின் முதல் பக்கத்தை அச்சிட்டுக் கொண்டு வருகிறேன், ஜைரோ படிவத்தை அங்கேயே நிரப்பிவிடலாம்.

பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் இரண்டின் அசலையும் எடுத்து வருகிறேன். சரிபார்க்க அசல் தேவையில்லை என்றால், பல்கலைக்கழகம் தந்த மின்னிலக்கச் சான்றிதழும் என்னிடம் இருக்கிறது. அந்த `.opencert` கோப்பை opencerts.io தளத்தில் போட்டால் உண்மையானதா என்று நொடியில் காட்டிவிடும். அதைத் தனி மின்னஞ்சலில் அனுப்புகிறேன். அசலை நிறுவனத்திடம் விட்டுச் செல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுங்கள். இவற்றோடு தேசிய சேவைச் சான்றிதழ், வேலைப் பயிற்சி செய்த இடத்தில் தந்த நற்சான்றுக் கடிதம், அவசரத் தொடர்புப் படிவம், கடவுச்சீட்டு அளவுப் படங்கள் இரண்டு.

பெயர் விஷயத்தில் ஒரு சின்னக் குறிப்பு. நியமனக் கடிதத்தில் என் பெயர் மட்டும் இருக்கிறது. அடையாள அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் அப்பா பெயரும் சேர்த்தே இருக்கும். சம்பளப் பதிவிலும் சேமநிதியிலும் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதினால் பின்னால் திருத்த வேண்டிய வேலை இருக்காது. மேசைப் பலகையிலும் மின்னஞ்சல் முகவரியிலும் முகிலன் என்றே போதும்.

முக்கிய வேலை நிபந்தனைகள் அடங்கிய ஆவணத்தை, வேலை தொடங்கிய 14 நாள்களுக்குள் தர வேண்டும் என்பது விதி. முதல் நாளே தருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். மேலே எழுதிய தேதியும் டியூஷன் அனுமதியும் அதில் வந்துவிட்டால் தனிக் கடிதம்கூட வேண்டாம், இந்த மின்னஞ்சலுக்கு "சரி" என்ற பதிலே இப்போதைக்குப் போதும்.

நேர்காணலில் என்னோடு பொறுமையாகப் பேசிய ஆசிரியர் குழுவுக்கும் என் நன்றியைச் சொல்லிவிடுங்கள். இரண்டாம் வகுப்புக் கதைகளில் வாக்கியங்கள் நீளமாக இருக்கின்றன என்று நான் சொன்னதை அவர்கள் குறித்துக்கொண்டதைப் பார்த்தபோதுதான் இங்கே வேலை செய்ய வேண்டும் என்று தோன்றியது. வேறு இடத்தில் இதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தர முன்வந்தார்கள், அவர்களிடம் நேற்றே மறுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7 வரை மாலை 5 மணிக்கு மேல் தொலைபேசியில் கிடைப்பேன். அவசரம் என்றால் விண்ணப்பத்தில் உள்ள எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினால் இடைவேளையில் பார்த்துவிடுவேன். இன்னொன்று: சென்ற முறை கீழ்த்தளக் கதவைத் திறக்க ரகசிய எண் கேட்டது, காவலர்தான் உள்ளே விட்டார். செவ்வாய்க்கிழமை காலை யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டால் வசதியாக இருக்கும்.

அன்புடன்,
முகிலன்

இணைப்பு: கையெழுத்திட்ட பணி நியமனக் கடிதம்