ஜூன் மாத ஜிஎஸ்டிஆர்-1 தாமதமானதற்கு மன்னிப்புக் கடிதம்

அனுப்புநர்
சு. மாலதி,
கணக்கு உதவியாளர்,
திருப்பூர்.

பெறுநர்
கணக்கு மேலாளர் அவர்கள்,
திருப்பூர்.

நாள்: 15.07.2025

பொருள்: ஜூன் மாத ஜிஎஸ்டிஆர்-1 காலக்கெடுவுக்குள் தாக்கல் ஆகாதது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

ஜூலை 11-க்குள் போயிருக்க வேண்டிய ஜூன் மாத ஜிஎஸ்டிஆர்-1, 12-ஆம் தேதி சனிக்கிழமை காலையில்தான் தாக்கல் ஆனது. அதற்கு நான்தான் பொறுப்பு. என்னை மன்னிக்க வேண்டும். நேற்று 2பி வந்ததும் பார்ட்டியிடமிருந்து உங்களுக்குப் போன் வந்து, அதன் பிறகு விஷயம் உங்களுக்குத் தெரியவந்ததற்கு இன்னும் அதிகமாக மன்னிப்புக் கேட்கிறேன். முதலில் நான் சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது.

நடந்தது இதுதான். 10-ஆம் தேதியே எல்லா பில்லும் டேலியோடு ஒத்துப்போய்விட்டது. பாக்கி இருந்தது ஒரே ஒரு கிரெடிட் நோட், ரிட்டர்ன் வந்த ஆறு மூட்டை நூலுக்கு. குடோனிலிருந்து எடை வரட்டும் என்று மொத்த ரிட்டர்னையும் நிறுத்தி வைத்தேன். அதை ஜூலை மாதக் கணக்கில் காட்டியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. வெள்ளிக்கிழமை மாலை எடை வந்தது. தாக்கல் செய்ய உட்கார்ந்தால், ஓடிபி போக வேண்டிய முதலாளியின் போன் ஆஃப். கோயம்புத்தூருக்கு விமானத்தில் வந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அப்புறம், ஒரு நாள் தள்ளினால் 50 ரூபாய் தாமதக் கட்டணம், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த நேரத்தில் உங்களுக்கு ஒரு போன் போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். அதே ஓடிபி பதிவு செய்த மெயிலுக்கும் வரும், அந்த மெயில் உங்கள் சிஸ்டத்தில் திறந்தே இருக்கும் என்பது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போய்விட்டவரை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று தயங்கினேன். அந்தத் தயக்கத்துக்கு இப்போது பார்ட்டிகள் பணம் கட்டுகிறார்கள்.

தாமதக் கட்டணத்தை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். ஆனால் நஷ்டம் அங்கே இல்லை என்பது எனக்குத் தெரியும். 11-ஆம் தேதி இரவுக்குள் போன பில்கள்தான் பார்ட்டியின் ஜூன் 2பியில் ஏறும். ஒரு ராத்திரி தாண்டினாலும் அடுத்த மாத 2பிதான், அது வருவது ஆகஸ்ட் 14. 2பியில் இல்லாத பில்லுக்கு இந்த மாதம் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது. 20-ஆம் தேதி 3பி போடும்போது அந்தத் தொகையை அவர்கள் கையிலிருந்து கட்ட வேண்டும்.

நேற்று மாலையும் இன்று காலையும், ஜூனில் சரக்கு எடுத்த எல்லாப் பார்ட்டிகளின் கணக்காளர்களோடும் பேசிவிட்டேன். பெரும்பாலானவர்களுக்குப் பழைய கிரெடிட் பாக்கி இருப்பதால் சமாளித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். இரண்டு பேருக்குச் சிரமம். பனியன் கம்பெனிக்காரர் ஜூனில் 18 லட்சத்துக்கு நூல் எடுத்திருக்கிறார், 5 சதவீதத்தில் வரி மட்டும் 90,000 ரூபாய். அந்தத் தொகையை நமக்குத் தர வேண்டிய பேமெண்டில் நிறுத்தி வைத்து, ஆகஸ்டில் வரும் 2பியைப் பார்த்த பிறகு தருவதாகச் சொல்கிறார். கோபமாகத்தான் பேசினார், நியாயமான கோபம். காடா நிட்டிங் செய்பவருக்குத் தொகை சிறியது. ஆனால் நம் பக்கத்திலிருந்து எழுத்தில் ஒரு கடிதம் இருந்தால் அவருடைய ஆடிட்டரிடம் காட்ட வசதியாக இருக்கும் என்றார். இரண்டு பேருக்கும் நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. கடித வரைவும், பார்ட்டி வாரியாகப் பில் எண்ணும் வரித்தொகையும் போட்ட பட்டியலும் இத்துடன் இருக்கின்றன.

20-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அதனால் நம் 3பியை 17-ஆம் தேதியே உங்கள் பார்வைக்கு வைத்து, 18-ஆம் தேதி தாக்கல் செய்துவிடலாம் என்றிருக்கிறேன். இனி ஜிஎஸ்டிஆர்-1-க்கு 8-ஆம் தேதியோடு பில்களை மூடிவிட்டு, 9-ஆம் தேதி தாக்கல் செய்கிறேன். அதற்குள் வராத கிரெடிட் நோட் அடுத்த மாதத்துக்குப் போகட்டும். முதலாளி எந்தத் தேதிகளில் ஊரில் இருப்பார் என்பதையும் மாதத் தொடக்கத்திலேயே கேட்டு வைத்துக்கொள்கிறேன். தாக்கல் ஆனதும் ஒப்புகை எண்ணை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். 10-ஆம் தேதி மதியத்துக்குள் அது வரவில்லை என்றால் என்னைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பனியன் கம்பெனிக்காரருக்கு நாளை மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 90,000 ரூபாயை நிறுத்தி வைக்க ஒப்புக்கொள்ளலாமா, இல்லை நீங்களே அவரிடம் பேசுகிறீர்களா என்று சொன்னால் அதன்படி செய்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சு. மாலதி

இணைப்பு: பார்ட்டி வாரியான பட்டியல், கடித வரைவு.