மறு: மாணவர் வருகை மேம்பாட்டுத் திட்டம் – பரிந்துரை

வணக்கம் சார்.

நேற்று இரவு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலை இன்று காலை, முதல் பாடவேளை எனக்கு இல்லாததால், ஆற அமர முழுவதும் படித்தேன். வருகைப் பிரச்சினையை எல்லாரும் ஆசிரியர் அறையில் புலம்புவோம், எழுதி வைக்க யாரும் முன்வந்ததில்லை. நீங்கள் வந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. எல்லா ஆசிரியர்களுக்கும் போன மின்னஞ்சல்தான், ஆனாலும் இந்தப் பதிலை உங்களுக்கு மட்டும் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் இதை எடுப்பதற்குள் நாம் இருவரும் பேசிவிட்டால் நல்லது.

அவசரமானது ஒன்று. மூன்றாம் பக்கத்தில் "இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009" என்று வருகிறது. அது இந்தியச் சட்டம் சார். நமக்குப் பொருந்துவது மலேசியாவின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். அதில் பின்னர் செய்த திருத்தத்தின்படி 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். மீறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத அபராதமோ ஆறு மாதத்துக்கு மேற்படாத சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். அதே பக்கத்தில் மாவட்ட ஆட்சியரிடமும் ஊராட்சி மன்றத் தலைவரிடமும் ஒத்துழைப்புக் கேட்கலாம் என்று இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் அவர்களை நாம் எங்கே போய்த் தேடுவது? நமக்கு மேலே இருப்பது கோலகங்சார் மாவட்டக் கல்வி அலுவலகம். மதியச் சத்துணவு என்று இருக்கும் இடத்திலும் ஆர்எம்தி உணவைத்தான் சொல்ல வேண்டும். இவை சின்னத் திருத்தங்கள்தாம், பத்து நிமிட வேலை. ஆனால் இப்படியே கல்வி அலுவலகத்துக்குப் போய்விட்டால், உள்ளே இருக்கும் நல்ல யோசனையையும் சேர்த்து ஓரமாக வைத்துவிடுவார்கள். அதுதான் என் கவலை.

இன்னொன்றும் இதைப் போல அவசரம். கடைசி அட்டவணையில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளின் முழுப்பெயர், அப்பாவின் சம்பளம், வீட்டு நிலவரம் எல்லாம் இருக்கின்றன. எழுதுவதற்கு யார் எந்தக் கருவியைத் துணைக்கு வைத்துக்கொண்டாலும் எனக்கு மறுப்பே இல்லை. பாடக் குறிப்பு முதல் பரிசளிப்பு விழா வரவேற்புரை வரை இப்போது பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், வேலைப் பளு அப்படி. ஆனால் பிள்ளைகளின் பெயரும் குடும்ப விவரமும் நம் பள்ளிக்கு வெளியே எந்தக் கருவிக்குள்ளும் போகக் கூடாது. போகவில்லை என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள். எப்படியானாலும் அந்த அட்டவணையை எடுத்துவிட்டு, யாரும் அதை வேறு குழுக்களுக்கு அனுப்ப வேண்டாம் என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மழைக்காலத்தில் பால்மரம் வெட்ட முடியாமல் வருமானம் குறைகிறது, அதனால் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை என்பது உங்கள் மின்னஞ்சல் சொல்லும் முதல் காரணம். நம் பிள்ளைகள் வரும் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து எவ்வளவோ காலமாயிற்று. இங்கே கதை தலைகீழ். குலை நிறையக் கிடைக்கும் மாதங்களில்தான் நம் வகுப்பில் நாற்காலி காலியாகிறது. அப்பா குலை வெட்டப் போவார். சம்பளம் எடைக்குத் தகுந்தபடி என்பதால் அம்மாவும் கூடவே போய் உதிரிப் பழம் பொறுக்குவார். பெரட்டு விடியுமுன்னே. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? மூத்த பெண்பிள்ளைதான்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை சார். போன வாரம் ஆசிரியர் அறையில், கையில் தேத்தண்ணி டம்ளரோடு, நீங்களே சொன்னது. தோட்டத்துக்குப் போய், அடிக்கடி வராமல் போகிற நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தீர்கள். "அந்தப் பிள்ள சோம்பேறி இல்ல டீச்சர், தம்பிக்குப் பால் கலக்கிக் குடுத்துட்டு நம்ம கணக்குப் புத்தகத்தத்தான் எடுத்து வச்சிருந்திச்சி" என்று நீங்கள் சொன்னதும் பக்கத்தில் குறிப்பேடு திருத்திக்கொண்டிருந்தவர்கள்கூடப் பேனாவை வைத்துவிட்டார்கள். நான்கு பக்கத்தில் அந்தப் பிள்ளையைத் தேடினேன், காணோம். "பங்குதாரர்களின் ஒருங்கிணைந்த ஈடுபாடு" இருக்கிறது, "முழுமையான அணுகுமுறை" இரண்டு மூன்று இடத்தில் இருக்கிறது. தமிழ் நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் பேசும்போது கேட்கிற குரல் அதில் இல்லை. எனக்கு அந்தக் குரல்தான் வேண்டும், தலைமையாசிரியருக்கும் அதுதான் உறைக்கும்.

பரிந்துரைகள் பற்றி: பெற்றோருக்கு வாரம் ஒருமுறை இணையவழிக் கூட்டம் நடக்காது. எட்டு மணிக்கெல்லாம் அவர்களுக்குக் கண் சொக்கும், தோட்டத்தின் உள்பக்கம் லைனும் கிடைக்காது. செயலியில் வருகையைப் பார்க்கச் சொல்வதும் அப்படித்தான். வாட்சாப்பில் வகுப்பாசிரியரின் குரல்பதிவு போதும். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படும் அம்மாகூடக் கேட்டுவிடுவார், உடனே பதில் குரலும் வரும். "ஊக்கப் பரிசு" யோசனையை வைத்துக்கொள்ளலாம். ஆனால் முழு வருகைக்கு மட்டும் கொடுத்தால், எப்போதும் வருகிற பிள்ளைகளே வாங்கிக்கொண்டு போவார்கள். போன மாதத்தைவிட இந்த மாதம் கூடுதலாக வந்த பிள்ளைக்குக் கொடுங்கள்.

எச்சரிக்கைக் கடிதம் விதிப்படி போகத்தான் வேண்டும், அதில் நாம் கைவைக்க முடியாது. ஆனால் கடிதம் கிடைக்கும் முன்பே ஒருவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்க வேண்டும். அதை நீங்கள் ஏற்கெனவே செய்துவிட்டீர்கள்!

உங்கள் மின்னஞ்சலில் எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரே வரியில் ஒளிந்திருக்கிறது: தோட்ட நிர்வாகத்தோடு பேசிக் குழந்தைகள் பராமரிப்பு இடத்தைப் பெரட்டு நேரத்துக்கே திறக்கச் செய்வது. அதுதான் சார் திட்டம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தத் தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இன்னும் இருக்கிறது, ஆனால் திறக்கிற நேரத்துக்குள் அம்மாக்கள் நிரைக்குள் போய்விடுகிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவருக்கு அங்கே பெரிய கிராணியைத் தெரியும். மேனேஜரைப் பார்க்க நேரம் வாங்கித் தரச் சொல்லி அவரிடம் நான் பேசுகிறேன். நீங்கள் வந்தால் போதும், பேசுவதை நீங்களே பேசுங்கள். நேரில் பார்த்தவர் நீங்கள்.

ஆகவே ஓர் உதவி. வெள்ளிக்கிழமைக்கு அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள். பெயர் வேண்டாம், "நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி" என்று போதும். அன்று என்ன பார்த்தீர்கள், அடிக்கடி வராமல் போகிற பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டில் இதே நிலைமை, ஆயாக்கொட்டகை எத்தனை மணிக்குத் திறந்தால் சரியாக இருக்கும், இவ்வளவுதான். தேத்தண்ணி டம்ளரோடு சொன்ன மாதிரியே எழுதுங்கள், இலக்கணம் பார்க்கிற வேலையை என்னிடம் விடுங்கள். நீண்ட பதிப்பைத் தூக்கிப் போட வேண்டாம், திருத்தி வைத்துக்கொள்ளுங்கள். கல்வி அலுவலகம் முழு அறிக்கை கேட்டால் அப்போது கைகொடுக்கும்.

நாளை ஓய்வு நேரத்தில் நான் சிற்றுண்டிச் சாலையில்தான் இருப்பேன், ஆர்எம்தி முறை எனக்கு. வசதிப்பட்டால் வாருங்கள். இல்லையென்றால் பள்ளி முடிந்ததும் வகுப்பறைக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
ஐந்தாம் ஆண்டு வகுப்பாசிரியை
மாணவர் வருகைக் குழு